"விசேஷம் ஒண்ணும் இல்லையா?": கேட்பவர் மனம் நோகாமல் கேள்வியை நிறுத்தும் வழி

கல்யாணமாகி ஓரிரு வருஷம் கழித்தும் மடியில் குழந்தை இல்லாமல் கரமனை அக்ரஹாரத் தெருவில் நடக்கிற எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கேள்வி பழக்கம்தான். சத்யவாகீஸ்வரர் கோவிலில் கேட்பார்கள், சாலைக் கடைத்தெருவுக்குப் போகிற வழியில் நிறுத்திக் கேட்பார்கள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் கோலம் போடும்போது பக்கத்து வாசலிலிருந்து கேட்பார்கள். தமிழ் மாமி "விசேஷம் உண்டா?" என்பார், மலையாளச் சேச்சி "விசேஷமொன்னும் ஆயில்லே?" என்பார். முதல் வருஷம் ஆசீர்வாதம் போல வருகிற இதே கேள்வி, மூன்றாம் வருஷம் டாக்டர் பெயரோடும் பரிகாரத் தலத்தோடும் வரும்.

ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகிற அந்நியருக்கு ஒரு புன்னகை போதும். தினமும் முகம் பார்க்க வேண்டியவர்கள், நாளை உங்கள் வீட்டுக் காரியத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்கப் போகிறவர்கள், விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்போது என்ன செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம். உறவும் கெடக்கூடாது, கேள்வியும் நிற்க வேண்டும். இரண்டும் நடக்கும். ஆனால் அதற்குப் பதிலை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கேள்வி திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது கிடைப்பதால்தான். "இப்போ ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி" என்றால் அடுத்த மாதம் "வேலை குறைஞ்சுதா?" என்று வரும். "வீட்டு லோன் முடியட்டும்" என்றால் லோன் கணக்கு கேட்பார்கள். நீங்கள் சொல்கிற ஒவ்வொரு காரணமும் அடுத்த கேள்விக்கு விதை. ஆகவே பதில் சின்னதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் அதே சொற்களில் இருக்க வேண்டும், அதில் காரணமும் தேதியும் இருக்கக்கூடாது.

யாரிடமும் பேசுமுன் வீட்டுக்குள் செய்ய வேண்டியவை

1. கணவனும் மனைவியும் உட்கார்ந்து, வெளியே போகக்கூடாத விஷயம் எது என்று முடிவு செய்யுங்கள். சிகிச்சை நடக்கிறதா, ஒரு கர்ப்பம் கலைந்திருக்கிறதா, இப்போதைக்கு வேண்டாம் என்ற முடிவா, எப்போதுமே வேண்டாம் என்ற முடிவா? இவற்றில் எது ஏற்கெனவே யாருக்குத் தெரியும் என்பதையும் சொல்லிக்கொள்ளுங்கள். பல வீடுகளில் பெண்ணின் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், அது மாப்பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் "இது உன்னோட நிக்கணும் அம்மா, சித்திகிட்டகூடச் சொல்லாதே" என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அக்கறையினால்தான் பரவும்.

2. யார் யாரிடம் பேசுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவரவர் பக்கத்து உறவுக்கு அவரவர். மாமியாரிடம் மருமகள் சொன்னால் அது எதிர்த்துப் பேசியதாகக் கதையாகும். அதையே மகன் சொன்னால் வீட்டுப் பேச்சாக முடியும். இந்த வேலையைக் கணவன் தட்டிக்கழிக்கிற வீடுகளில்தான் கேள்வி மாதக்கணக்கில் நீள்கிறது. ஆகவே இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

3. ஒரே ஒரு வாக்கியத்தை இருவரும் தேர்ந்தெடுங்கள். நான் பரிந்துரைப்பது இது: "அது நாங்க ரெண்டு பேரும் மட்டும் பேசிக்கற விஷயம் மாமி. சொல்றதுக்கு ஏதாவது இருந்தா நாங்களே வந்து சொல்லுவோம்." குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் இரண்டாம் பாதியை விட்டுவிட வேண்டும். அது காத்திருக்கச் சொல்வது போல் ஒலிக்கும், கேட்பவர் வருஷக்கணக்கில் காத்திருப்பார்.

4. அந்த வாக்கியத்தை இருவரும் ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் சொல்வது போதாது. முதல் தடவை குரல் தடுமாறும் அல்லது தேவையில்லாத கடுமை வரும். அது வீட்டுக்குள் நடந்து முடியட்டும்.

குறிப்பு: மலையாளத்தில் கேட்பவருக்கு மலையாளத்திலேயே பதில் வைத்திருங்கள். "அது ஞங்ஙள் புறத்து பறயாறில்ல, சேச்சி" என்பது மரியாதையானது, தெளிவானது. அந்த நேரத்தில் தமிழிலிருந்து தேடித் தேடிச் சொன்னால் தயக்கமாகத் தெரியும், தயக்கத்தைப் பார்த்ததும் அடுத்த கேள்வி வரும். உங்கள் வீட்டில் மாமி என்று அழைக்காமல் அத்தை, மதினி, அக்கா என்று அழைப்பீர்கள் என்றால் அந்த முறைச்சொல்லையே போடுங்கள். முறைச்சொல் மட்டும் விட்டுப்போகக்கூடாது. பதிலில் இருக்கிற அன்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

பதிலின் மூன்று படிகள்

முதல் படி, திசை திருப்புவது. பலர் இந்தக் கேள்வியைக் கேட்பது வேறு பேச்சு தோன்றாததால்தான். அவர்களிடம் "விசேஷம் உண்டே மாமி, தம்பிக்கு டெக்னோபார்க்கில வேலை கிடைச்சிருக்கு" என்று வேறு நல்ல சேதியைச் சொல்லி, கையோடு அவர் வீட்டைப் பற்றி ஒன்று கேளுங்கள்: "உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு?" அவர் பதில் சொல்லத் தொடங்கினால் அன்றைய விஷயம் முடிந்தது. கேள்வி கேட்காமல் சேதியோடு நிறுத்தினால் பேச்சு மறுபடி உங்கள் பக்கமே திரும்பும்.

இரண்டாம் படி, தேர்ந்தெடுத்த வாக்கியம். திசை திரும்பாமல் "அது கெடக்கட்டும், நான் கேட்டது…" என்று அவர் தொடர்ந்தால் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது முகம் பார்த்து, சாதாரணக் குரலில், மெதுவாக. சொன்னபின் சும்மா இருங்கள். கடினமான இடம் இதுதான். அந்த மௌனத்தை நிரப்ப "இல்ல மாமி, அதாவது…" என்று ஆரம்பித்தால் போயிற்று. அவர் மறுபடி கேட்டால் அதே வாக்கியத்தை, அதே சொற்களில், இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். சொற்களை மாற்றினால் பேரம் பேச இடமிருக்கிறது என்று தோன்றும்.

மூன்றாம் படி, தனியாக ஒரு பேச்சு. அதே ஆள் வெவ்வேறு நாட்களில் திரும்பத் திரும்பக் கேட்டால், சபையில் எவ்வளவு நயமாகச் சொன்னாலும் பலன் இல்லை. வேறொரு நாள் அவர் வீட்டுக்குப் போய், கூட யாரும் இல்லாத நேரத்தில், நேராகப் பேச வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் அவர் உங்களுக்குச் செய்த உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள், அடுத்து அந்தக் கேள்வி உங்களை என்ன செய்கிறது என்பதை ஒரே வரியில், கடைசியாக அவர் செய்ய வேண்டியதை.

"மாமி, எனக்கு டெங்கு வந்தப்போ தினம் கஞ்சி கொண்டு வந்து கொடுத்தேள், அதை நான் மறக்கமாட்டேன். ஆனா குழந்தையைப் பத்திக் கேக்கும்போது எனக்கு அன்னிக்குப் பூரா மனசு சரியா இருக்கறதில்லை. இனிமே அதை மட்டும் கேக்காதீங்கோ. வேற என்ன வேணும்னாலும் கேளுங்கோ."

கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். கதவு முழுதும் சாத்தப்படவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். பெரும்பாலான மூத்தவர்கள் இதைக் கேட்டதும் சற்று வாடிப்போவார்கள். ஒரு வாரம் பேச்சு குறையும். அதைப் பார்த்து ஓடிப்போய் மன்னிப்புக் கேட்காதீர்கள். வழக்கம் போல வாசலில் பேசுங்கள், பலகாரம் செய்தால் கொடுத்தனுப்புங்கள். பேச்சு திரும்பிவிடும், கேள்வி திரும்பாது.

ஒரு நவராத்திரி மாலை, முழுதாக

கரமனையில் இந்தக் கேள்விக்கு உச்ச காலம் நவராத்திரி. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் முன்னுதித்த நங்கையும் கரமனை வழியாகக் கோட்டைக்கு எழுந்தருளும் அன்றே தெருவோரம் உறவுகள் கூடிவிடும். அதன்பின் ஒன்பது மாலைகளும் வீடு வீடாகக் கொலு பார்க்கப் போவதும், வருபவர்களுக்கு வெற்றிலை பாக்கும் சுண்டலும் கொடுப்பதும்தான் வேலை. எல்லோரும் எல்லோரையும் பார்க்கிற ஒன்பது நாள்.

ஒரு தம்பதியை வைத்துப் பார்ப்போம். கல்யாணமாகி நான்கு வருஷம். சிகிச்சை நடக்கிறது, அவள் அம்மாவுக்கு மட்டும் தெரியும். கணவனின் பெரியம்மா நாகர்கோவிலிலிருந்து வந்து தங்கியிருக்கிறார். பக்கத்து வீட்டு மாமி தினமும் வருகிறார்.

நவராத்திரிக்கு முந்தின ஞாயிறு, கணவன் பெரியம்மாவுக்குப் போன் செய்கிறான். "பெரியம்மா, நீங்க வரது எங்களுக்கு சந்தோஷம். ஒரே ஒரு காரியம். குழந்தையைப் பத்தி அவகிட்டக் கேக்க வேண்டாம். கேக்கணும்னு தோணினா எங்கிட்டக் கேளுங்கோ." இது ஏன் போனில்? வந்து இறங்கியபின் சொன்னால் மருமகள் சொல்லிக் கொடுத்ததாகத் தோன்றும். ஊரிலிருந்து கிளம்புமுன் சொன்னால் யோசித்துக்கொள்ள அவருக்கும் நாள் கிடைக்கிறது.

மூன்றாம் நாள் மாலை. கொலுவுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். பக்கத்து வீட்டு மாமி வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டே, "அடுத்த கொலுவுக்காவது இந்தாத்துல குழந்தை சத்தம் கேக்குமா?" என்கிறார். எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் முதல் படியைப் பயன்படுத்துகிறாள்: "இந்தக் கொலுவுக்கு ஒரு பாட்டுச் சத்தம் கேக்கட்டும் மாமி. நீலகண்ட சிவன் கீர்த்தனை ஒண்ணு பாடுங்கோ." நீலகண்ட சிவன் 19ஆம் நூற்றாண்டில் இதே கரமனையில் வாழ்ந்து பாடியவர். அவர் பாட்டு தெரிந்த மாமிகள் இந்தத் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள், பாடச் சொன்னால் மறுக்கமாட்டார்கள். சபையில் கேட்கப்பட்ட கேள்விக்குச் சபை முழுதும் சேர்ந்து செய்யக்கூடிய வேறொரு காரியத்தைக் கொடுப்பது நல்ல வழி.

பாட்டு முடிந்து விடைபெறும்போது மாமி சமையலறை வாசலில் நின்று தாழ்ந்த குரலில், "ஏதாவது குறை இருக்கா? டாக்டரைப் பாத்தேளா?" என்கிறார். இங்கே திசை திருப்பல் உதவாது. அவள் இரண்டாம் படிக்குப் போகிறாள்: "அது நாங்க ரெண்டு பேரும் மட்டும் பேசிக்கற விஷயம் மாமி. சொல்றதுக்கு ஏதாவது இருந்தா நாங்களே வந்து சொல்லுவோம்." மாமி, "நான் அன்னியமா? உங்கம்மா மாதிரிதானே" என்கிறார். இது மனத்தைத் தொடும், அதனால்தான் ஆபத்தானது. "அம்மா மாதிரிதான் மாமி. அது நாங்க ரெண்டு பேரும் மட்டும் பேசிக்கற விஷயம்." அவ்வளவுதான். சுண்டல் பொட்டலத்தைக் கையில் கொடுத்து வாசல் வரை கூட வருகிறாள்.

ஏழாம் நாள் மறுபடியும் கேள்வி. விஜயதசமி கழிந்து நான்கைந்து நாள் ஆனபின், மாமி வீட்டில் தனியாக இருக்கிற காலை நேரத்தில், மூன்றாம் படி. கொலு நடக்கும் நாட்களில் அதைச் செய்யாமல் காத்திருந்தது சரியான முடிவு. கூட்டம் வந்துபோகும்போது பாதிப் பேச்சில் யாராவது நுழைவார்கள், பாதிப் பேச்சுதான் தெருவில் பரவும்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

தேதி சொல்வது முதல் தவறு. "அடுத்த சித்திரைக்குள்ள" என்று சும்மா சொன்னாலும் சித்திரை வரும், கேள்வியும் வரும்.

கணவனையோ மனைவியையோ காட்டிக்கொடுப்பது இன்னும் மோசம். "எனக்கு ஆசைதான், அவருக்குத்தான்…" என்று ஒருவர் சொன்னால் அடுத்த நாள் முதல் மற்றவர்தான் குற்றவாளி. கருத்தரிக்காத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடத்தில் ஆணிடமும் காரணம் இருக்கிறது. ஆனாலும் கேள்வி அனேகமாகப் பெண்ணிடம்தான் வருகிறது. அதனால் கணவன் இருக்கும்போது மனைவியிடம் யாராவது கேட்டால், கணவன் முந்திக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளைத் தனியாக விடுவதாகும்.

சூடாகத் திருப்பிக் கேட்பது மூன்றாவது. "உங்க பொண்ணு ஏன் பிறந்தாத்துல இருக்கா?" என்று கேட்டால் அந்த நிமிஷம் ஜெயித்தது போலிருக்கும். அதன்பின் பேச்சு உங்கள் வாய்த்துடுக்கைப் பற்றியதாகிவிடும், கேட்டவர் தப்பித்துவிடுவார்.

"பகவான் விட்ட வழி" என்பது பாதுகாப்பான பதில் போலத் தோன்றும். கரமனையில் அது நேராகப் பரிகாரப் பேச்சைத் திறந்துவிடும். ஹரிப்பாடு மண்ணாறசாலையில் உருளி கவிழ்த்தச் சொல்வார்கள், திருக்கருகாவூர் நெய் வாங்கித் தரட்டுமா என்பார்கள். நம்பிக்கை இருப்பவர் போகட்டும். அது அவரவர் விருப்பம். சிக்கல் எங்கே என்றால், யோசனை சொன்னவருக்கு "போனியா? என்னாச்சு?" என்று தொடர்ந்து கேட்கிற உரிமை வந்துவிடுகிறது. ஆகவே காரியத்தை அவரிடமே ஒப்படையுங்கள்: "நீங்க அங்க போகும்போது எங்களுக்காகவும் வேண்டிக்கோங்கோ மாமி." அவருக்கும் ஏதோ செய்த திருப்தி, உங்களுக்குக் கணக்குச் சொல்லும் கடன் இல்லை. ஆனால் பெயர் தெரியாத பொடியோ லேகியமோ கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டாலும் சாப்பிடாதீர்கள். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அது மருந்தோடு மோதக்கூடும்.

எழுந்து போக முடியாத இடங்கள்

கொலுவில் அடுத்த வீட்டுக்குப் போகலாம். ஆற்றுகால் பொங்காலையில் அது முடியாது. கும்ப மாதத்தில் அந்த நாளன்று கரமனைச் சாலையோரங்களிலும் செங்கல் அடுப்புகள் வரிசையாக இருக்கும், வெளியூர் உறவுகள் முந்தின நாளே வந்து இடம் பிடித்திருப்பார்கள். காலையில் அடுப்பு மூட்டியதிலிருந்து பிற்பகல் தீர்த்தம் தெளிக்கும் வரை உங்கள் இடம் அதுதான். இங்கே பதிலைவிட இடத் தேர்வு முக்கியம். அடுப்பு போடும்போதே இரண்டு பக்கமும் யார் என்று பாருங்கள். ஒரு பக்கம் உங்கள் விஷயம் தெரிந்த தோழியோ தங்கையோ இருக்கட்டும். பேச்சு ஆரம்பித்தால் குறுக்கே புகுந்து வேறு பேச்சைத் தொடங்குவது அவள் வேலை என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.

சீமந்தம், வளைகாப்பு வேறு மாதிரி. குழந்தை இல்லாத பெண்ணைக் கர்ப்பிணிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பூவும் வளையலும் கொடுத்து, "அடுத்தது உனக்குத்தான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்கிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. அன்பினால் செய்வதுதான். ஆனால் சமீபத்தில் கர்ப்பம் கலைந்தவளுக்கு அந்த மணையில் உட்காருவது எவ்வளவு கொடுமை என்று நினைத்துப் பாருங்கள். உறுதியான கர்ப்பங்களிலேயே நூற்றில் பத்துக்கு மேல் கலைகின்றன. சொல்லாமல் இருப்பவர்களே அதிகம். போக வேண்டும், ஆனால் மணையில் உட்கார வேண்டாம் என்றால், முந்தின நாள் விழா வீட்டாருக்குப் போன் செய்து, "நான் வரேன், பரிமாற நிக்கறேன். பக்கத்துல மட்டும் உட்காரச் சொல்ல வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். விழாவின் நடுவில் மறுத்தால் அபசகுனம் என்பார்கள். முந்தின நாள் சொன்னால் ஏற்பாடு மாறும். போகவே முடியாது என்றால் பரிசை முன்னதாகவே கொடுத்தனுப்பிவிட்டு விலகியிருப்பதில் தவறில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்டால் குழுவில் பதில் போடாதீர்கள், இதய வடிவமும் வேண்டாம். கேட்டவருக்குத் தனியாக அனுப்புங்கள்: "சித்தப்பா, குரூப்ல கேட்டதைப் பாத்தேன். இதைப் பத்தி நாங்க குரூப்ல பேசறதில்லை. அங்க கேக்க வேண்டாம்." அவரவர் பக்கத்து உறவுக்கு அவரவர் என்ற விதி இங்கேயும் உண்டு.

சிகிச்சை நடக்கிறது என்றால் கூடுதல் கவனம்

கரு முட்டை வளர்வதற்கான ஊசிகளில் பல குளிர்பதனப் பெட்டியில், 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டியவை. பண்டிகை நாளில் வருகிறவர்கள் தண்ணீர் எடுக்க, பால் எடுக்க, தாங்களே பெட்டியைத் திறப்பார்கள். மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் ஊசிகளைப் போட்டு நடுத்தட்டின் பின்பக்கம் வையுங்கள். கதவில் வைத்தால் வெப்பம் மாறும், எல்லோர் கண்ணிலும் படும். உறைபெட்டியை ஒட்டி வைத்தால் மருந்து உறைந்து கெடும். ஸ்கேன் கோப்பு கொலு அறையிலோ வரவேற்பறையிலோ இருக்கக்கூடாது.

கரு வைத்தபின் ரத்தப் பரிசோதனை வரையிலான ஏறத்தாழ இரண்டு வாரம் மனம் மிக மெலிந்திருக்கும் காலம். அந்த நாட்களில் எந்த வாக்கியமும் சரியாக வராது, வர வேண்டியதும் இல்லை. அழைப்புகளைத் தள்ளிவையுங்கள். "இந்த ரெண்டு வாரம் எங்களால வர முடியாது, அப்புறம் வரோம்" என்று கணவன் எல்லோருக்கும் சொல்லட்டும். உடம்பு சரியில்லை என்று சொல்லாதீர்கள். கல்யாணமான பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றால் இந்தத் தெருவில் ஒரே அர்த்தம்தான்.

எல்லை தாண்டினால்

இதுவரை சொன்னதெல்லாம் அக்கறையாலோ பழக்கத்தாலோ கேட்பவர்களுக்கு. கேள்வி ஏச்சாக மாறினால் விஷயம் வேறு. மலடி என்று அழைப்பது, சுப காரியத்தில் ஒதுக்கி நிறுத்துவது, சாப்பாட்டில் குத்திக்காட்டுவது, மகனுக்கு வேறு கல்யாணம் செய்வோம் என்று மிரட்டுவது ஆகியவற்றுக்கு நட்பான பதில் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், குழந்தை இல்லை என்றோ ஆண் குழந்தை இல்லை என்றோ ஒரு பெண்ணை அவமதிப்பதையும் கேலி செய்வதையும் மூன்றாம் பிரிவில் வன்முறை என்றே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அடித்தால்தான் வன்முறை என்பதில்லை. ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிற, அல்லது வாழ்ந்த, உறவினர்களுக்கு இது பொருந்தும். தெருவில் கேட்கிற மாமிக்குப் பொருந்தாது. மாவட்டத்தில் இதற்கென்று பாதுகாப்பு அலுவலர் உண்டு; அவர் வழியாக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம்.

அந்த நிலை வந்தால் செய்ய வேண்டிய வரிசை:

1. என்று, யார், எந்தச் சொல்லைச் சொன்னார் என்று தேதியோடு எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். நோட்டுப் புத்தகம் அந்த வீட்டில் இருக்க வேண்டாம். பிறந்த வீட்டிலோ நம்பகமான தோழியிடமோ இருக்கட்டும்.
2. மருத்துவக் கோப்பு, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலையும் அங்கேயே வையுங்கள்.
3. அந்த வீட்டில் தனியாக இருக்கும்போது எதிர்த்து வாதாடாதீர்கள். உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் கூட இருக்கும்போது மட்டும் பேசுங்கள்.
4. கேரளத்தில் பெண்களுக்கான உதவி எண் 181, மித்ரா என்ற பெயரில் இயங்குகிறது. இரவும் பகலும் அழைக்கலாம். கை ஓங்கினாலோ வீட்டை விட்டு வெளியேற்றினாலோ 112.

மனம் தாங்கவில்லை, தூக்கம் வரவில்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். நிலைமை முற்றட்டும் என்று காத்திருக்காமல், இந்த மூன்று எண்களையும் இன்றே உங்கள் போனில் சேமித்து வையுங்கள்.